கைடுக்கு ஒரு பக்கக் கடிதம்

அங்கோர் வாட் கோயிலின் மேற்கு வாசலுக்கு வெளியே அகழி இருக்கிறது. அதைக் கடக்கும் கற்பாலம் ஏறக்குறைய 190 மீட்டர் நீளம். பாலத்தைத் தாண்டி வாசல் மண்டபத்துக்குள் நுழைந்தால், கோயிலை எட்டுவதற்கு இன்னும் 350 மீட்டர் நடக்க வேண்டும். இரண்டிலும் நிழல் கிடையாது. திரும்பி வரும்போது அதே தூரம், அப்போது வெயில் ஏறியிருக்கும். முப்பது வயதுக்காரர் இதைக் கவனிக்கவே மாட்டார். இரண்டு முழங்காலுக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்ட எழுபது வயது அம்மாவுக்கோ அன்றைய நாளின் மொத்த தெம்பும் இந்த நடையிலேயே தீர்ந்துவிடும். உள்ளே பாற்கடல் கடையும் சிற்பத்தின் முன் நிற்கும்போது அவர் உட்கார ஓர் இடம் தேடிக்கொண்டிருப்பார்.

அவரை வேறு வழியாக அழைத்துப்போக முடியும். அந்த வழி உள்ளூர் கைடுக்குத் தெரியும். அப்படி ஓர் அம்மா வருகிறார் என்பதுதான் அவருக்குத் தெரியாது. பயண நிறுவனத்திடமிருந்து அவர் கைக்கு வருவது பெரும்பாலும் ஒரே வரிதான்: ‘இந்தியர்கள், 18 பேர், மூன்று நாள், சைவ உணவு.’ இதை வைத்துக்கொண்டு அவர் தமக்குப் பழகிய நாளைத்தான் நடத்துவார். விடியலுக்கு முன் அங்கோர் வாட், பிறகு பாயோன், மதியம் தா ப்ரோம், மாலையில் பாகெங் குன்றில் சூரிய அஸ்தமனம் என்று போகும் அந்த நாள். கம்போடியாவுக்கு வரும் பெரும்பாலோருக்கு அது சரியாகவே இருக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து சியம் ரீப் நகருக்குக் குழுக்குழுவாகப் போகிறவர்களில் பணி ஓய்வு பெற்றவர்கள் நிறையப் பேர். அவர்களை அழைத்துச் செல்லும் டூர் மேனேஜர், அங்கே காத்திருக்கும் கைடுக்கு என்ன சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும் என்பதைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. குடும்பமாகவோ நண்பர்களாகவோ தாங்களே ஏற்பாடு செய்துகொண்டு போகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

ஓர் உதாரணக் குழுவை வைத்துக்கொண்டு பேசுவோம். கோவையிலிருந்து 18 பேர், வயது 58 முதல் 76 வரை. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், அவர்களுடைய துணைவர்கள். இருவருக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. ஒருவர் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். ஒருவருக்கு இதயத்தில் ஸ்டென்ட். ஒருவருக்கு இடது காது கேட்காது. நான்கு பேர் முட்டைகூடச் சாப்பிடாதவர்கள். நேரம் டிசம்பர் மாதம்.

வருகிறவர்களுக்கு என்ன தெரியும்?

வயதும் எண்ணிக்கையும் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். கைடின் பேச்சையே மாற்றக்கூடிய தகவல் இன்னொன்று உண்டு. இந்தக் குழுவுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதுதான் அது.

அங்கோரில் கைடுகள் அதிகமாகச் சந்திப்பது விஷ்ணுவையே கேள்விப்பட்டிராத பயணிகளை. அதனால் பாற்கடல் கடைந்த கதையை அமுதம் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கிச் சொல்லப் பழகியிருப்பார்கள். லங்கைப் போர் சிற்பத்தின் முன் ராமன் யார், சீதை யார் என்று ஆரம்பிப்பார்கள். கோவைக் குழுவில் இந்தக் கதை தெரியாதவர் ஒருவரும் இல்லை. ஐந்து நிமிடத்தில் கவனம் சிதறும், ஆளுக்கொரு பக்கம் படம் எடுக்கக் கிளம்பிவிடுவார்கள். கைடோ, இவர்களுக்கு ஆர்வமில்லை என்று நினைத்துக்கொள்வார்.

கடிதத்தில் இதை இப்படிச் சொல்லலாம்: ‘ராமாயணமும் மகாபாரதமும் இவர்களுக்கு நன்றாகத் தெரியும். கதையை விட்டுவிடுங்கள். உங்கள் நாட்டில் அது எப்படி மாறியிருக்கிறது என்று சொல்லுங்கள்.’ கம்போடியர்களின் ராமகாதைக்கு ரேம்கேர் என்று பெயர். அதில் அனுமன் பிரம்மச்சாரி அல்ல. சேது கட்டும்போது கற்களை அப்புறப்படுத்தும் கடற்கன்னியை அவன் காதலிக்கிறான். இதைச் சொன்னால் படம் எடுக்கப் போனவர்களும் திரும்பி வந்துவிடுவார்கள்.

இன்னொரு தகவலும் தேவை. இவர்களில் பலருக்கு அங்கோர் வாட் பழைய கட்டடம் மட்டுமல்ல, கோயில். மேற்கு வாசல் மண்டபத்தில் எட்டுக் கைகளோடு நிற்கும் பெரிய விஷ்ணு சிலையை உள்ளூர் மக்கள் இன்றும் வழிபடுகிறார்கள். அதைப் பார்த்ததும் நம்மவர்கள் கைகூப்புவார்கள், விழுந்து வணங்குவார்கள், சிலர் பையிலிருந்து கற்பூரத்தை எடுப்பார்கள். எதற்கு அனுமதி உண்டு, எதற்கு இல்லை என்று கைடிடம் முன்பே கேட்டுக் குழுவுக்குச் சொல்லிவிட வேண்டும். கற்பூரத்தைப் பற்ற வைத்த பிறகு காவலர் வந்து அணைக்கச் சொன்னால் இரு பக்கமும் மனம் நோகும்.

ஒரு நாள் எவ்வளவு தாங்கும்?

‘மெதுவாக அழைத்துப் போங்கள்’ என்று சொல்வதால் பயனில்லை. ஒவ்வொரு கைடுக்கும் மெதுவுக்கு ஓர் அளவு உண்டு. கடிதத்தில் எண்ணாகச் சொல்ல வேண்டும். எவ்வளவு நேரம் நிற்கலாம், எத்தனை படி ஏறலாம், எத்தனை மணிக்கு ஹோட்டல் திரும்ப வேண்டும் என்று. நம் குழுவுக்கு ஒரே இடத்தில் 15 நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது. 45 நிமிடத்துக்கு ஒருமுறை உட்கார வேண்டும். காலை 11 மணிக்கு பஸ்ஸில் இருக்க வேண்டும். மதியம் ஓய்வு, 3:30க்குப் பிறகு இன்னோர் இடம். ஒரு நாளைக்கு இரண்டு கோயில்தான்.

இரண்டு கோயில்தான் என்றதும் ‘எல்லாவற்றையும் பார்க்க முடியாதே’ என்ற கவலை வரும். அங்கோரின் நுழைவுச் சீட்டே அதற்கு இடம் கொடுக்கிறது. ஒரு நாள் சீட்டு 37 டாலர், மூன்று நாள் சீட்டு 62 டாலர். மூன்று நாள் சீட்டை அடுத்தடுத்த நாட்களில்தான் பயன்படுத்த வேண்டும் என்பதில்லை. பத்து நாட்களுக்குள் எந்த மூன்று நாளானாலும் சரி. ஆகவே நடுவில் ஒரு நாள் கோயிலே இல்லாமல் ஓய்வெடுக்கலாம். சியம் ரீப்பில் நான்கு இரவு தங்கும் குழுவுக்கு இது மிகவும் வசதி.

அடுத்து அங்கோர் வாட்டையே எப்படிப் பார்ப்பது என்ற கேள்வி. பெரும்பாலோர் மேற்கு வாசல் வழியாகத்தான் போகிறார்கள். கிழக்கிலும் ஒரு வாசல் உண்டு. அங்கே கூட்டம் குறைவு, பாதையில் மரநிழல் இருக்கிறது. அந்தப் பக்கமாக நுழைந்தால் கோயிலின் வெளிச்சுற்று மண்டபத்தை முதலில் எட்டலாம். பாற்கடல் கடையும் சிற்பம் அந்தக் கிழக்குச் சுற்றின் தென்பாதியில்தான் இருக்கிறது. 49 மீட்டர் நீளத்துக்கு ஒரே காட்சி.

அங்கிருந்து தெற்கே திரும்பினால் சொர்க்க நரகக் காட்சிகள். அதே சுற்றில் மேலும் நடந்தால் கோயிலைக் கட்டிய இரண்டாம் சூரியவர்மனின் ஊர்வலம். மேற்குப் பக்கம் திரும்பினால் குருக்ஷேத்திரம், அதைத் தாண்டி லங்கைப் போர். மண்டபத்துக்கு ஏறுவதற்குச் சில படிகள், பிறகு பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. தலைக்கு மேலே கூரை. எல்லாம் சேர்த்து நடை அரை கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். முழங்கால் வலி உள்ளவருக்கு அங்கோர் வாட்டில் இதைவிட நல்ல பாதை கிடையாது.

இந்த வழியில் இன்னொரு நன்மை இருக்கிறது, அதையும் கைடிடம் சொல்ல வேண்டும். அங்கோர் வாட் மேற்கு பார்த்த கோயில். மேற்கில் தொடங்கி இடப்பக்கமாகச் சுற்றி இந்தச் சிற்பங்களைப் பார்ப்பதுதான் வழக்கமான வரிசை. கிழக்கிலிருந்து தெற்கு, தெற்கிலிருந்து மேற்கு என்று போனால் அது நமக்குப் பழகிய வலம்வரும் திசை. வயதானவர்களுக்குக் கோயிலை இடமாகச் சுற்றுவதில் ஒரு நெருடல் உண்டு. கைடுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. சொன்னால் புரிந்துகொள்வார்.

நடக்கத் தெம்புள்ளவர்கள் மேற்கு வாசல் வழியாக வெளியேறட்டும். பஸ் சுற்றிவந்து அவர்களை அங்கே ஏற்றிக்கொள்ளும். மற்றவர்கள் வந்த சுற்று வழியாகவே நிழலில் திரும்பிக் கிழக்கு வாசலுக்குப் போகட்டும். இதற்கு இரண்டு பொறுப்பாளர் வேண்டும். ஒருவர் கைடு, மற்றவர் டூர் மேனேஜர். யார் எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் பஸ் என்பதை முந்தின நாளே எழுதிவைத்துவிட வேண்டும். கிழக்கு வாசல் திறந்திருக்கிறதா என்று அன்று காலை ஒருமுறை விசாரித்துக்கொள்வதும் கைடின் வேலை.

மூன்றாம் அடுக்கான பாக்கான், நடுக்கோபுரங்கள் நிற்கும் உச்சி. பழைய கற்படிகளின் மேல் மரப்படி போட்டிருக்கிறார்கள், அதுவும் செங்குத்துதான். ஒரே நேரத்தில் சுமார் நூறு பேரைத்தான் மேலே விடுவார்கள், ஆகவே வரிசையில் நிற்க வேண்டிவரும். பௌத்தர்களின் விரத நாட்களில் மேலே அனுமதி இல்லை. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்கு ஆபத்து. ‘யாரெல்லாம் மேலே வருகிறீர்கள்?’ என்று படியடியில் நின்று கைடு கேட்டால், வெட்கப்பட்டுக்கொண்டே வரக்கூடாதவரும் கை தூக்கிவிடுவார். அந்த முடிவை முந்தின நாள் இரவு, அவரவரிடம் தனியாகப் பேசி எடுக்க வேண்டும். கைடிடம் பெயர்ப் பட்டியலைக் கொடுத்துவிட வேண்டும். கீழே இருப்பவர்களுக்கு உட்கார இடமும் துணைக்கு ஓர் ஆளும் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

நோயின் பெயர் வேண்டாம், செய்ய வேண்டியது வேண்டும்

உடல்நலத் தகவலை வாங்கும்போது பலர் மறைப்பார்கள். ‘பயணத்தில் சேர்த்துக்கொள்ள மாட்டார்களோ’ என்ற பயம்தான் காரணம். கேள்வியை மாற்றிக் கேட்டால் பதில் வரும். ‘உங்களுக்கு என்ன வியாதி?’ என்பதற்குப் பதிலாக, ‘ஒரு மாடி ஏறினால் மூச்சு வாங்குமா? எத்தனை மணி நேரம் சாப்பிடாமல் இருக்க முடியும்? எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை பாத்ரூம் போக வேண்டும்? எந்த மாத்திரையை நேரம் தவறாமல் போட வேண்டும்?’ என்று கேட்கலாம். கைடுக்கும் இந்தப் பதில்கள்தான் பயன்படும். மருத்துவ விவரம் முழுதும் டூர் மேனேஜரிடம் இருக்கட்டும். கைடிடம் போகும் தாளில், சம்பந்தப்பட்டவர் சம்மதித்த அளவுக்கு, என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் இருந்தால் போதும். பஸ்ஸில் மைக் பிடித்து ‘நம்மில் ஒருவருக்கு ஹார்ட் பிராப்ளம் இருக்கிறது’ என்று கைடு அறிவித்துவிட்டால் அந்த மனிதர் பயணம் முழுக்கக் குன்றிப்போவார்.

இன்சுலின் போடுபவரை எடுத்துக்கொள்வோம். சூரிய உதயம் பார்க்க விடியற்காலை 4:45க்குக் கிளம்ப வேண்டும். டிசம்பரில் சூரியன் எழ 6:15, 6:30 ஆகிவிடும். ஹோட்டல் திரும்பிச் சாப்பிட எட்டு மணி தாண்டும். காலை ஊசியை ஹோட்டலிலேயே போட்டுக்கொண்டு வந்தவருக்கு இடையில் சர்க்கரை தாழ்ந்துவிடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சில் தடுமாற்றம், காரணமில்லாத கோபம் ஆகியவைதான் அறிகுறிகள். கம்போடியாவின் புழுக்கத்தில் எல்லோருக்கும்தான் வியர்க்கிறது. வெயில் என்று நினைத்துக் கைடு நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பார். தண்ணீரில் சர்க்கரை ஏறாது.

ஆகவே கைடுக்கான வரி இப்படி இருக்க வேண்டும்: ‘இவருக்குத் திடீரென்று வியர்த்து, பேச்சு குழறினால் உடனே இனிப்பு கொடுங்கள். மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ். கால் மணி நேரம் பாருங்கள், தெளியாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். நினைவு தவறியிருந்தால் வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.’ குளுக்கோஸ் பொட்டலம் கைடின் பையிலும் ஒன்று இருக்கட்டும். ஊசி எப்போது, சாப்பாடு எப்போது என்பதை அவர் கிளம்பும் முன்பே தம் மருத்துவரிடம் கேட்டு வரட்டும். இன்சுலினைக் குளிர்ப்பையில் வைத்துக் கையோடு கொண்டுபோக வேண்டும். வெயிலில் நிற்கும் பஸ்ஸில் விட்டுவிட்டுப் போகக் கூடாது.

இதைவிட அதிகம் பேரைப் பாதிக்கும் விஷயம் ஒன்று உண்டு. அதைப் பேச எல்லோரும் கூச்சப்படுகிறார்கள். நம் பெண்கள், குறிப்பாக வயதான பெண்கள், வெளியூரில் பாத்ரூம் கிடைக்குமோ என்னவோ என்று பயந்து காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். ரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் பெருக்கும் மாத்திரை போடுகிறவர்கள் சிலர் அந்த மாத்திரையையே அன்றைக்கு விட்டுவிடுகிறார்கள். பதினோரு மணிக்குத் தலைசுற்றி உட்காருபவர்களில் பலர் இப்படிப்பட்டவர்கள். ‘நிறையத் தண்ணீர் குடியுங்கள்’ என்று கைடு எத்தனை முறை சொன்னாலும் குடிக்க மாட்டார்கள்.

வரிசையை மாற்றினால் குடிப்பார்கள். பஸ் கிளம்பும்போதே கைடு அறிவிக்கட்டும்: ‘இன்று மூன்று இடத்தில் டாய்லெட் இருக்கிறது. முதலாவது இன்னும் அரை மணி நேரத்தில், அடுத்தது ஒன்பது மணிக்கு, மூன்றாவது கிளம்பும் முன்.’ அங்கோர் வளாகத்தில் முக்கியக் கோயில்களுக்குப் பக்கத்தில் பயணிகளுக்கான கழிவறைகள் இருக்கின்றன, நுழைவுச் சீட்டைக் காட்டினால் காசு கிடையாது. அவை எங்கே என்று கைடுக்கு மனப்பாடம். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒன்று என்று வரைபடத்தில் குறித்துத் தரும்படி அவரிடம் கேட்டு வாங்கிவிடலாம்.

காது கேட்காதவருக்காக ஒரு வரி போதும்: ‘இவர் உங்கள் இடப்பக்கம் நிற்பார், வலக்காது உங்களைப் பார்த்து இருக்கும். பேசும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம்.’ ஸ்டென்ட் வைத்தவருக்காகக் கேட்க வேண்டியது ஒரு கேள்வி: எந்த ஆஸ்பத்திரிக்குப் போவோம், இந்தக் கோயிலிலிருந்து எத்தனை நிமிடம்? அங்கோர் வாட் ஊரிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர்தான். பந்தியாய் ஸ்ரேய் போன்ற தொலைவான கோயிலுக்கு அப்படியில்லை. பதில் இடத்துக்கு இடம் மாறும். அதனால் தினமும் கேட்க வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கம்போடியச் சமையலில் மீன் சாஸும் பிராஹொக் என்ற புளித்த மீன் விழுதும் நம் வீட்டுப் புளி போல எங்கும் இருக்கும். காய்கறி வறுவலில்கூட இருக்கும். ‘சைவம்’ என்றால் இறைச்சித் துண்டு இல்லை என்று சமையல்காரர் புரிந்துகொள்ளக்கூடும். ‘இறைச்சி, மீன், மீன் சாஸ், பிராஹொக், சிப்பி சாஸ், முட்டை எதுவும் கூடாது. பால், தயிர் சாப்பிடலாம்’ என்று கெமர் மொழியில் ஓர் அட்டையில் எழுதித் தரச்சொல்லிக் கைடிடம் கேட்க வேண்டும். விடியற்காலைக் கிளம்பும் நாளில் ஹோட்டல் கட்டிக்கொடுக்கும் காலை உணவுப் பெட்டிக்கும் இதே அட்டை போக வேண்டும்.

யாருடைய கோயில் என்ற கேள்வி

கவனமாகப் பேச வேண்டிய விஷயங்கள் என்றதும் கைடு எதையெல்லாம் பேசக்கூடாது என்றுதான் நினைக்கத் தோன்றும். தமிழ்க் குழு அங்கோருக்குப் போகும்போது அது தலைகீழாக இருக்கிறது. எச்சரிக்கை முதலில் நமக்குத்தான் வேண்டும்.

‘அங்கோர் வாட்டைக் கட்டியவன் தமிழ் மன்னன்’ என்ற செய்தி வாட்ஸ்அப்பில் பல ஆண்டுகளாகச் சுற்றுகிறது. குழுவில் இரண்டு பேராவது அதை நம்பி வருவார்கள். கைடிடமே பெருமையாகச் சொல்லவும் செய்வார்கள். உண்மையில் 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதைக் கட்டத் தொடங்கிய இரண்டாம் சூரியவர்மன் கெமர் அரசன். அந்தக் கோயிலின் உருவம் கம்போடியாவின் கொடியிலேயே இருக்கிறது. அதை இன்னொருவர் உரிமை கொண்டாடினால் அங்கே எவ்வளவு புண்படும் என்பதற்கு இரண்டு சம்பவங்கள் போதும். 2003 ஜனவரியில், தாய்லாந்து நடிகை ஒருவர் அங்கோர் வாட் தாய்லாந்துக்குச் சொந்தம் என்று சொன்னதாக வதந்தி பரவியதில் தலைநகர் புனோம் பென்னில் தாய்லாந்துத் தூதரகத்துக்கே தீ வைத்தார்கள். 2012இல் பிகாரில் அங்கோர் வாட்டைப் போலவே ஒரு பெரிய கோயில் கட்டும் திட்டம் அறிவிக்கப்பட்டபோது கம்போடிய அரசு எதிர்ப்புத் தெரிவித்தது. பிறகு அந்த வடிவமைப்பை மாற்ற வேண்டிவந்தது.

வெறுமனே ‘அந்தப் பேச்சை எடுக்காதீர்கள்’ என்று குழுவிடம் சொன்னால் மனம் ஆறாது. உண்மையான தொடர்பைச் சொன்னால் ஆறும். ராஜேந்திர சோழனுக்குக் காம்போஜ அரசன் ஒரு தேரை அனுப்பி நட்பு நாடியதைக் கரந்தைச் செப்பேடு சொல்கிறது. காம்போஜ அரசன் அளித்த கல் ஒன்று சிதம்பரம் கோயிலில் பதிக்கப்பட்டதை முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. கெமர் எழுத்து பல்லவ எழுத்திலிருந்து பிறந்தது. தா ப்ரோம் கோயிலை இன்று சீரமைப்பவர்களில் நம் இந்தியத் தொல்லியல் துறையும் உண்டு. இரண்டு அரசுகள் சமமாக நின்று பரிமாறிக்கொண்டதன் சான்றுகள் இவை. இவற்றைக் கைடுக்கும் எழுதி அனுப்பலாம். செப்பேட்டுச் செய்தி அவருக்கே புதிதாக இருக்கலாம், அடுத்த தமிழ்க் குழுவுக்கும் அவர் அதைச் சொல்வார்.

இதோடு ஒட்டிய இன்னொன்று: ‘பெருமாள் கோயிலில் புத்தரை வைத்துவிட்டார்களே’ என்ற வருத்தம். அங்கோர் வாட் பல நூற்றாண்டுகளாகப் பௌத்தர்களின் வழிபாட்டு இடம். கைடும் பெரும்பாலும் பௌத்தராகவே இருப்பார். அவர் காதுபட இதைச் சொல்வது அவருடைய கோயிலில் நின்றுகொண்டு அவரைக் குறைசொல்வதாகும். கைடு தரப்பிலிருந்தும் ஒரு பேச்சு இடறலாம். மேற்கு பார்த்த கோயில், இடமாகப் போகும் சிற்ப வரிசை ஆகியவற்றை வைத்து, இது அரசனின் நினைவுக்கோயில் அல்லது சமாதி என்று ஆய்வாளர்கள் பேசுவதுண்டு. அதைக் கைடுகள் நுழைந்ததும் சொல்லிவிடுவார்கள். தரிசனம் செய்ய வந்தவர் காதில் வாசலிலேயே ‘சமாதி’ என்று விழுந்தால் பலருக்கு மனம் கூசும். ‘முதலில் வழிபட விடுங்கள், அந்த விவாதத்தைக் கிளம்பும்போது சொல்லுங்கள்’ என்று கேட்டுக்கொண்டால் போதும். வரலாற்றை மறைக்கச் சொல்ல வேண்டியதில்லை.

கைடின் சொந்தத் துயரம்

1975 ஏப்ரல் முதல் 1979 ஜனவரி வரை கெமர் ரூஜ் ஆட்சி. பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் ஏறக்குறைய 17 லட்சம் பேர் மடிந்தார்கள் என்பது பொதுவான கணிப்பு. நாட்டு மக்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல். அதன் பிறகும் 1990களின் பிற்பகுதி வரை சண்டை ஓயவில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய கைடு என்றால் அந்த ஆட்சியைக் குழந்தையாகவாவது கடந்து வந்தவர். இளைஞர் என்றால் அவருடைய அப்பா, அம்மா தப்பிப் பிழைத்தவர்கள்.

நம்மவர்கள் அன்பாகத்தான் கேட்பார்கள். ‘உங்கள் வீட்டில் யாராவது…?’ மதியச் சாப்பாட்டு மேசையில், பதினெட்டுப் பேர் முன்னால் அந்தக் கேள்வி வரும். சில கைடுகள் தம் குடும்பக் கதையைச் சொல்ல விரும்புகிறார்கள். அது உலகத்துக்குத் தெரிய வேண்டும் என்று நினைக்கிறார்கள். சிலருக்கு அதைப் பேசிய இரவு தூக்கம் வராது. இன்னொரு சிக்கலும் உண்டு. கொன்றவர்களும் கொல்லப்பட்டவர்களும் ஒரே ஊர்க்காரர்கள். கைடின் உறவினர் எந்தப் பக்கத்தில் இருந்தார் என்பது நமக்குத் தெரியாது.

இதைக் கடிதத்தில் எழுத வேண்டாம். நேரில் சந்திக்கும்போது தனியாகக் கேட்கலாம். ‘எங்கள் ஆட்கள் அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்பார்கள். நீங்கள் பேச விரும்புகிறீர்களா? எந்த இடத்தில் பேசலாம்?’ அவர் வேண்டாம் என்றால், அந்த வரலாற்றை டூர் மேனேஜரே பஸ்ஸில் பத்து நிமிடம் சொல்லிவிட்டு, ‘கைடிடம் குடும்பக் கேள்வி வேண்டாம்’ என்று வேண்டிக்கொள்ளலாம். பேசுகிறேன் என்றால், வாட் த்மேய் மடத்தில் மண்டை ஓடுகள் வைத்த நினைவுத்தூபியின் அருகே, நேரம் ஒதுக்கி, அமைதியாகப் பேசட்டும். பயணத்தில் சமீபத்தில் துணையை இழந்தவர் யாராவது இருந்தால் அந்த இடத்துக்கு வருவதா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அரசரைப் பற்றியும் ஆளும் கட்சியைப் பற்றியும் கைடைக் கருத்துக் கேட்கக் கூடாது. அரசரை அவமதிப்பது அங்கே 2018 முதல் சட்டப்படி குற்றம். தாய்லாந்து எல்லைச் சண்டை 2025இல் உயிர்களைக் குடித்திருக்கிறது. அதையும் கிண்டவேண்டாம். நாம் ஊர் திரும்பிவிடுவோம், பதில் சொன்னவர் அங்கேயே இருக்க வேண்டியவர்.

சொன்னது போய்ச் சேர்ந்ததா?

இவ்வளவையும் பத்துப் பக்கமாக எழுதி அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள். ஒரே பக்கம், எளிய ஆங்கிலம், இரண்டு வாரம் முன்பு. நம் குழுவுக்கு அதன் சாரம் இப்படி இருக்கும்:

‘பதினெட்டுப் பேர், 58 முதல் 76 வயது. படித்தவர்கள், இந்துக் கதைகள் நன்கு அறிந்தவர்கள், கோயிலில் வழிபட விரும்புகிறவர்கள். நிற்பது 15 நிமிடம், பிறகு உட்காருவது. பதினோரு மணிக்கு பஸ். அங்கோர் வாட்டுக்குக் கிழக்கு வாசல், ஏழரை மணிக்கு. பாக்கானுக்கு ஏழு பேர் மட்டும், பட்டியல் இணைப்பில். சூரிய உதயம் விரும்புகிறவர்களுக்கு மட்டும், வேறொரு நாளில். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு டாய்லெட். உணவு அட்டை தயவுசெய்து நீங்கள் எழுதித் தாருங்கள். மூன்று பேருக்குத் தனிக் கவனம், நேரில் சொல்கிறேன். கடைக்கு ஒரே ஒரு மாலை, ஒரு மணி நேரம். இதில் எது நடக்காது என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ அதைச் சொல்லுங்கள்.’

கடைசி வரி முக்கியம். விருந்தினரிடம் ‘முடியாது’ என்று நேராகச் சொல்ல அங்கே பலருக்குத் தயக்கம். ‘சரியா?’ என்று கேட்டால் ‘சரி’ என்றுதான் பதில் வரும். ஹோட்டலில் முதல் மாலை சந்திக்கும்போது, ‘நாளைக் காலை நாம் என்ன செய்யப் போகிறோம், நீங்களே சொல்லுங்கள்’ என்று கேட்க வேண்டும். அவர் ‘ஐந்து மணிக்கு மேற்கு வாசல்’ என்று தொடங்கினால் கடிதம் அவரிடம் போய்ச் சேரவில்லை என்று பொருள். கைடு கடைசி நேரத்தில் மாறுவதும் உண்டு. பழையவருக்கு அனுப்பிய தாள் புதியவரிடம் இருக்காது. அச்சிட்ட பிரதி ஒன்று கையில் இருந்தால் இருபது நிமிடத்தில் மறுபடி சொல்லிவிடலாம். நுழைவுச் சீட்டில் முகப்படம் இருக்கும். பதினெட்டுப் பேருக்கும் அதை முன்கூட்டியே வாங்கிவிட்டார்களா என்பதையும் அப்போதே உறுதி செய்துகொள்ளலாம்.

பிறகு ஒவ்வொரு நாள் மாலையும் ஐந்து நிமிடம். குழுவைப் பற்றி டூர் மேனேஜருக்குத் தெரியாததை அன்று முழுவதும் முன்னால் நடந்த கைடு பார்த்திருப்பார். ‘இன்று யார் பின்தங்கினார்? யார் தண்ணீர் குடிக்கவில்லை? உங்களைச் சங்கடப்படுத்தும்படி எங்கள் ஆட்கள் ஏதாவது கேட்டார்களா?’ முதல் நாள் மாலை அவர், ‘நீல உடை அணிந்த அம்மா படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார்’ என்று சொன்னால், அந்த அம்மாவின் பெயர் முழங்கால் பட்டியலில் இல்லாவிட்டாலும் மறுநாள் பாக்கான் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். தா ப்ரோமில் வேர்கள் புடைத்த தரையைத் தவிர்த்து மரப்பலகைப் பாதையில் அவரை அழைத்துப்போகச் சொல்ல வேண்டும். அன்றிரவே அவரிடம், ‘அம்மா, நாளைக்கு நாம் ரெண்டு பேரும் கீழே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போமா?’ என்று டூர் மேனேஜர் கேட்டால், அநேகமாக அவர் சரி என்றுதான் சொல்வார்.